வாயால் கேட்டது எழுத்தில் ஏறட்டும்: ஜிஎஸ்டி அலுவலர் கடைக்கு வரும்போது

ஜிஎஸ்டி ஆய்வுக்காகக் கடைக்கு வரும் அலுவலர், கேட்க வேண்டியதில் பெரும்பகுதியை வாயால்தான் கேட்கிறார். இரண்டு வருடக் கொள்முதல் பில்களை எடுத்து வையுங்கள், சரக்கு இருப்புப் பதிவேட்டைக் காட்டுங்கள், வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு வாருங்கள், இந்த வித்தியாசத்துக்கு வரியைக் கட்டிவிடுங்கள் என்று பேச்சுவாக்கில் சொல்லப்படுபவை எல்லாம் பின்னாளில் கோப்பில் ஏறக்கூடியவை. அப்படி ஏறும்போது அவை அலுவலரின் நினைவிலும் குறிப்பிலும் இருந்தபடிதான் ஏறும். கடைக்காரர் தன் பங்குக்கு எதையும் எழுதி வைக்கவில்லை என்றால், அன்று என்ன கேட்கப்பட்டது, என்ன கொடுக்கப்பட்டது என்பதற்கு அந்த ஒரு கோப்பைத் தவிர வேறு சான்று இருக்காது.

நோட்டீஸ் வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம் என்பதால் இது சிறிய விஷயம் அல்ல. 2024-25 நிதியாண்டிலிருந்து நடைமுறையில் உள்ள 74ஏ பிரிவின்படி, அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 42 மாதங்கள் வரை நோட்டீஸ் அனுப்பலாம். 2024-25-க்கு அந்தக் காலம் 2029-ன் நடுப்பகுதி வரை நீள்கிறது. அதற்குள் ஆய்வுக்கு வந்தவர் மாற்றலாகிப் போயிருப்பார், கடையின் கணக்குப்பிள்ளை வேறு வேலைக்குப் போயிருப்பார். புதிதாக வரும் அலுவலரும் அவருக்கு மேலே மேல்முறையீட்டை விசாரிப்பவரும் காகிதத்தில் இருப்பதை வைத்தே முடிவு செய்வார்கள். "போதிய வாய்ப்பளித்தும் ஆவணங்களைத் தாக்கல் செய்யவில்லை" என்று ஆணையில் ஒரு வரி வந்துவிட்டால், முத்திரை குத்திய ஒரு காகிதத்தைக் காட்டித்தான் அதை மறுக்க முடியும்.

எந்த அதிகாரத்தில் வந்திருக்கிறார்

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அலுவலர் எந்தப் பிரிவின் கீழ் வந்திருக்கிறார் என்பது. மத்திய ஜிஎஸ்டி சட்டம், 2017-ன் 67-வது பிரிவின்படி ஒரு கடையை ஆய்வு செய்யவோ சோதனையிடவோ, இணை ஆணையர் நிலைக்குக் குறையாத ஒருவர் எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும். அந்த அனுமதி ஐ.என்.எஸ்.-01 என்ற படிவத்தில் இருக்கும். 71-வது பிரிவின் கீழ் கணக்குகளைப் பார்வையிட வருவோருக்கும் அதே நிலையில் உள்ள அலுவலரின் அனுமதி தேவை. 65-வது பிரிவின்படி நடக்கும் தணிக்கைக்குக் குறைந்தது 15 வேலை நாட்கள் முன்னதாக நோட்டீஸ் வந்திருக்க வேண்டும். தமிழ்நாடு ஜிஎஸ்டி சட்டத்திலும் இந்தப் பிரிவுகள் இதே எண்களில் உள்ளன. ஆகவே வந்திருப்பவர் மாநில வணிகவரித் துறையைச் சேர்ந்தவரா, மத்திய ஜிஎஸ்டி அலுவலகத்தைச் சேர்ந்தவரா என்பதால் நடைமுறை பெரிதாக மாறுவதில்லை.

அடையாள அட்டையையும் அனுமதி ஆணையையும் காட்டும்படி கடைக்காரர் மரியாதையாகக் கேட்கலாம். சோதனைக்கு வருவோர் இரண்டையும் தாமாகவே காட்ட வேண்டும், அனுமதி ஆணையில் தேதியும் நேரமும் இட்டுக் கடைக்காரரின் கையெழுத்தைப் பெற வேண்டும் என்று மத்திய அலுவலர்களுக்கு 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டு அறிவுறுத்தல் சொல்கிறது. ஆணையின் எண், தேதி, பிரிவு, வந்தவர்களின் பெயர், பதவி, அவர்கள் உள்ளே வந்த நேரம் ஆகியவற்றை அப்போதே ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு எழுதும் எல்லாக் கடிதங்களுக்கும் இந்தத் தாள்தான் ஆதாரம்.

மத்திய அலுவலர்கள் தரும் சம்மன், ஆய்வு ஆணை போன்றவற்றில் 2019 நவம்பர் 8 முதல் 'டின்' எனப்படும் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைத் துறையின் இணையதளத்தில் இட்டு, ஆவணம் உண்மையானதா என்று சரிபார்க்கலாம். ஜிஎஸ்டி போர்ட்டல் வழியாகவே வரும் கடிதங்களில் போர்ட்டல் தரும் குறிப்பு எண்ணே அதற்கு ஈடாகும்.

வாயால் கேட்டால் செல்லுமா

ஒவ்வொன்றையும் எழுத்தில்தான் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 71-வது பிரிவின்படி, அனுமதி பெற்று வந்த அலுவலர் கேட்டால், கடைப் பொறுப்பில் இருப்பவர் கணக்குப் புத்தகங்கள் உள்ளிட்ட ஆவணங்களைப் பார்வைக்குத் தர வேண்டும். அதற்குக் கேட்ட நாளிலிருந்து அதிகபட்சம் 15 வேலை நாட்கள் அவகாசம் உண்டு, அலுவலர் விரும்பினால் அதை நீட்டிக்கலாம். கேட்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தப் பிரிவில் இல்லை. எனவே எதையும் எழுதிக் கொடுத்தால்தான் காட்டுவோம் என்று கடைக்காரர் கதவை மூடிக்கொள்ள முடியாது. அலுவலரைப் பணி செய்ய விடாமல் தடுப்பதும், கேட்ட விவரத்தைத் தராமல் இருப்பதும் 122-வது பிரிவின்படி அபராதத்துக்குரியவை.

இதற்கு வழி எளிது. அலுவலர் எழுதிக் கொடுத்தால் நல்லது. கொடுக்காவிட்டால், அவர் கேட்டதைக் கடைக்காரரே எழுத வேண்டும். இந்த நாளில் இன்னார் வந்தார், இன்னதை வாய்மொழியாகக் கேட்டார், இன்னது காட்டப்பட்டது, இன்னது பின்னால் தரப்படும் என்று ஒரு கடிதத்தில் எழுதி, அந்த அலுவலகத்திலேயே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்க வேண்டும். இதற்கு அலுவலரின் அனுமதி தேவையில்லை. ஆய்வுக்கும் இதனால் இடையூறு வராது. கேட்ட நாளின் தேதி பதிவாகிவிடுவதால், 15 நாள் அவகாசம் எங்கே தொடங்குகிறது என்பதிலும் பிறகு தகராறு வராது.

ஒரு கடையில் நடந்ததாக வைத்துக்கொள்வோம்

ஈரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடை. 2025 நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை காலை 11.20-க்கு மாநில வரி அலுவலர் ஒருவர் இரண்டு உதவியாளர்களுடன் வருகிறார். அனுமதி ஆணையைக் காட்டுகிறார். உதவியாளர்கள் பெயின்ட் டின்களை எண்ணுகிறார்கள். கம்ப்யூட்டரில் உள்ள கணக்கின்படி 436 டின் இருக்க வேண்டும், அலமாரியில் இருப்பது 412. மாலை 4.45-க்குக் கிளம்பும்போது அலுவலர் சொல்கிறார்: "ரெண்டு வருஷத்துப் பர்ச்சேஸ் பில்லு, ஈ-வே பில் லிஸ்ட், பேங்க் ஸ்டேட்மென்ட், எல்லாத்தையும் வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு எடுத்துட்டு வந்துருங்க. அந்த 24 டின்னுக்கு டேக்ஸையும் கட்டிருங்க." கடைக்காரர், "சரிங்க சார்," என்கிறார்.

அந்த "சரிங்க சார்" என்பதற்குள் நான்கு விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. ஆவணங்களின் பட்டியல், மூன்றே நாள் கெடு, 24 டின் குறைவு, வரி கட்டுவதற்கான இசைவு. ஒரு டின் விலை 2,500 ரூபாய் என்றால் 24 டின்னின் மதிப்பு 60,000 ரூபாய். 18 விழுக்காட்டில் வரி 10,800 ரூபாய். 35-வது பிரிவின்படி, கணக்கில் காட்டப்படாத சரக்கை விற்கப்பட்டதாகவே கொண்டு அலுவலர் வரி நிர்ணயிக்கலாம். ஆனால் இந்தக் கடையில் அந்த 24 டின்களும் விற்கப்படவில்லை. மூடி கசிந்ததால் மூன்று நாள் முன்பு அவை கம்பெனிக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. டெலிவரி சலான் இருக்கிறது, கம்ப்யூட்டரில் மட்டும் இன்னும் பதியவில்லை. இந்த விளக்கம் அன்றைய தேதியிலேயே எழுத்தில் இருந்தால் ஏற்கத்தக்க விளக்கம். இரண்டு வருடம் கழித்து நோட்டீஸுக்குப் பதிலாக முதன்முறையாகச் சொன்னால், பிறகு யோசித்துச் சொன்ன சாக்காகவே பார்க்கப்படும்.

முதல் வாய்ப்பு, இருப்பு எடுத்த தாளில் கையெழுத்துக் கேட்கப்படும்போதே வருகிறது. எண்ணியது சரி என்றால் கையெழுத்துப் போடலாம். ஆனால் கையெழுத்துக்கு மேலே, "எண்ணிக்கை சரி. வித்தியாசத்துக்கான காரணம் எழுத்து மூலம் தரப்படும்" என்று ஒரு வரியைத் தன் கையாலேயே எழுதிவிட வேண்டும். எண்ணிக்கையை ஏற்பதையும் குற்றச்சாட்டை ஏற்பதையும் இந்த ஒரு வரி பிரித்துக் காட்டுகிறது. அந்தத் தாளின் நகலையோ, அலுவலர் அனுமதித்தால் கைபேசியில் எடுத்த படத்தையோ அங்கேயே பெற்றுக்கொள்வது நல்லது.

கடிதம்

மறுநாளே கடிதம் எழுதப்பட வேண்டும். அரசு அலுவலகக் கடித வடிவமே போதும். இந்தக் கடைக்கு அது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

*அனுப்புநர்: கடையின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி பதிவு எண்.*

*பெறுநர்: மாநில வரி அலுவலர், அலுவலக முகவரி.*

*பொருள்: 11.11.2025 அன்று எங்கள் கடையில் நடந்த ஆய்வு – கேட்கப்பட்ட ஆவணங்களும் விளக்கமும் – தொடர்பாக.*

*பார்வை: ஆய்வு அனுமதி ஆணையின் எண், நாள்.*

*ஐயா,*

*1. 11.11.2025 காலை 11.20 முதல் மாலை 4.45 வரை எங்கள் கடை ஆய்வு செய்யப்பட்டது. கொள்முதல், விற்பனை, இருப்புக் கணக்குகள் கம்ப்யூட்டரில் காட்டப்பட்டன. ஆவணம் எதுவும் எடுத்துச் செல்லப்படவில்லை.*

*2. ஆய்வின் முடிவில், (அ) 2023-24, 2024-25 ஆண்டுகளுக்கான கொள்முதல் பில்கள், (ஆ) ஈ-வே பில் பட்டியல், (இ) வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை 14.11.2025-க்குள் தருமாறு வாய்மொழியாகக் கேட்கப்பட்டது.*

*3. இவற்றில் (ஆ), (இ) ஆகியவற்றின் நகல்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. பக்கங்கள் 1 முதல் 64 வரை. பில்கள் எண்ணிக்கையில் அதிகம் என்பதால், 71-வது பிரிவில் உள்ள 15 வேலை நாட்களுக்குள், அதாவது 2.12.2025-க்குள் தாக்கல் செய்கிறோம்.*

*4. பெயின்ட் இருப்பில் காணப்பட்ட 24 டின் குறைவு, 8.11.2025 அன்று கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிய சரக்கு. டெலிவரி சலான் நகல் பக்கம் 65. எனவே இதற்கு வரி செலுத்த வேண்டியதில்லை என்று கருதுகிறோம்.*

*5. மேலே கூறியவற்றில் தவறோ விடுபாடோ இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.*

இந்தக் கடிதத்தில் கோபம் இல்லை, குறை சொல்லும் தொனியும் இல்லை. நடந்தது மட்டுமே இருக்கிறது. கெடு தேதியைக் கடைக்காரர் தன் விருப்பப்படி போடவில்லை. நவம்பர் 12-ல் தொடங்கி சனி, ஞாயிறு நீக்கி எண்ணினால் 15-வது வேலை நாள் டிசம்பர் 2-ல் முடிகிறது. கேட்டதை எழுதும்போது சொன்னதைவிடக் கூடவும் எழுதக்கூடாது, குறைத்தும் எழுதக்கூடாது. அலுவலர் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக எழுதினால், அந்த ஒரு வரியால் கடிதம் முழுவதும் நம்பகம் இழந்துவிடும்.

இந்தக் கடிதங்களில் அடிக்கடி நேரும் தவறு, "கேட்ட எல்லா ஆவணங்களும் கொடுக்கப்பட்டன" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது. எவை கேட்கப்பட்டன, எத்தனை பக்கம் கொடுக்கப்பட்டன என்று தெரியாத அந்த வரி, பிறகு எதையும் நிரூபிக்காது. ஒவ்வொரு தாளுக்கும் தொடர் எண் இட்டு, எந்த ஆவணம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை என்று ஒரு பட்டியல் இணைப்பது நல்லது. பென் டிரைவில் கொடுத்தால், அதில் உள்ள கோப்புகளின் பெயர்களையும் எண்ணிக்கையையும் அச்சிட்டு அதே பட்டியலில் சேர்க்க வேண்டும். மூல பில்களை எக்காரணம் கொண்டும் அப்படியே விட்டுவிட்டு வரக்கூடாது. பார்வைக்குக் காட்டி, நகலைக் கொடுத்து வருவதே பாதுகாப்பு.

ஒப்புதல் வாங்குவது

கடிதத்தை இரண்டு பிரதிகளாக எடுத்துப்போக வேண்டும். ஒன்றை அலுவலகத்தின் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் அலுவலக முத்திரை, தேதி, பெற்றவரின் சுருக்கொப்பம் ஆகியவற்றை வாங்க வேண்டும். முத்திரையில் தேதி மங்கலாக விழுந்திருந்தால், பெற்றவரையே கையால் எழுதித் தரச் சொல்லலாம். பட்டியல் இணைந்த கடைசித் தாளிலும் முத்திரை இருப்பது நல்லது. முதல் தாளில் மட்டும் முத்திரை இருந்தால், இணைப்புகள் வரவில்லை என்று சொல்ல இடம் இருக்கிறது.

சில சமயம், சார் முகாமில் இருக்கிறார், அவர் சொல்லாமல் வாங்க முடியாது என்று தபால் பிரிவில் பதில் வரும். அப்போது வாக்குவாதம் செய்ய வேண்டியதில்லை. அன்றே அஞ்சலகத்தில், போய்ச் சேர்ந்ததற்கான சான்றுடன் விரைவு அஞ்சலில் அனுப்பிவிட்டு, ஜிஎஸ்டி பதிவில் உள்ள கடையின் மின்னஞ்சலிலிருந்து அலுவலகத்தின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கும் இணைப்புகளோடு அனுப்ப வேண்டும். அலுவலரின் சொந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு மட்டும் அனுப்புவது போதாது. அது அவருக்குத் தெரியப்படுத்தும், ஆனால் அலுவலகக் கோப்பில் ஏறாது. போர்ட்டலில் நோட்டீஸ் எண்ணுடன் ஏற்கெனவே ஒரு வழக்கு திறந்திருந்தால் பதிலை அதன் கீழேயே பதிவேற்ற வேண்டும். வாய்மொழிக் கேட்புக்கு அப்படி எண் எதுவும் இருக்காது என்பதால்தான் கடிதமும் மின்னஞ்சலும் தேவைப்படுகின்றன.

பேச்சு கைபேசியில் நடந்திருந்தாலும் இதே முறைதான். மறுநாள் அழைத்து, "கூடவே டிரான்ஸ்போர்ட் ரசீதையும் கொண்டு வாங்க" என்று அலுவலர் சொன்னால், அந்த அழைப்பின் தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினால் போதும்.

பணம் கட்டச் சொன்னால்

ஆய்வு நாளன்று வரியைக் கட்டும்படி சொல்வதற்குத் தனி வரலாறு உண்டு. பூமி அசோசியேட் வழக்கில் குஜராத் உயர் நீதிமன்றம் 2021 பிப்ரவரி 16-ல் அளித்த இடைக்கால ஆணையில், சோதனை நடக்கும்போது காசோலை, ரொக்கம், இணையவழி என எந்த வழியிலும் வரி வசூலிக்கக்கூடாது என்றது. வணிகர் தாமாகவே கட்ட முன்வந்தாலும், சோதனை முடிந்து அலுவலர்கள் போன பிறகு, மறுநாள்தான் கட்டும்படி அறிவுறுத்த வேண்டும் என்றும் கூறியது. அதன் பிறகு 2022 மே 25-ல் மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் புலனாய்வுப் பிரிவு தன் அலுவலர்களுக்கு ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. சோதனையின்போது வரியை வசூலிக்க வேண்டிய சூழல் எழ இடமில்லை, வணிகர் தாமாக விரும்பிக் கட்டுவதற்கு மட்டுமே சட்டத்தில் வழி உண்டு என்று அது தெளிவுபடுத்தியது. கட்டாயப்படுத்தியதாகப் புகார் வந்தால் விசாரிக்க வேண்டும் என்றும் சொன்னது.

தாமாகக் கட்டுவது டி.ஆர்.சி.-03 என்ற படிவத்தின் வழியாகப் போர்ட்டலில் நடக்கிறது. அதற்கான ஒப்புதல் டி.ஆர்.சி.-04 ஆக வருகிறது. இந்தப் படிவத்தில் கட்டும் பணம் "தாமாக முன்வந்து கட்டியது" என்றே பதிவாகும். அந்தப் பதிவைப் பின்னால் மாற்றுவது கடினம். வரி உண்மையிலேயே கட்ட வேண்டியதுதான் என்று ஆடிட்டருடன் கணக்குப் பார்த்துத் தெரிந்தால், தாமதிக்காமல் கட்டுவதே லாபம். வட்டியும் அபராதமும் குறையும். கணக்கில் ஐயம் இருந்தால், ஈரோட்டுக் கடைக்காரர் நான்காவது பத்தியில் எழுதியதுபோல் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். வற்புறுத்தலால் கட்ட நேர்ந்தால், ஆட்சேபத்தோடு கட்டப்பட்டது என்று சில நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிப்பது அவசியம். மாதக்கணக்கில் மௌனமாக இருந்துவிட்டு எழுப்பும் ஆட்சேபத்தை நம்பவைப்பது கடினம். கடைப் பணியாளரிடம் ரொக்கமாகக் கொடுக்கச் சொல்வதும், தேதியிடாத காசோலை கேட்பதும் எந்தப் படிவத்துக்கும் உட்பட்டவை அல்ல. அவற்றுக்கு இசையவே கூடாது.

எடுத்துச் செல்லும்போதும் கையெழுத்துக் கேட்கும்போதும்

கணக்குப் புத்தகத்தையோ பில் கட்டையோ அலுவலர் எடுத்துச் செல்ல விரும்பினால், அது வாய்மொழியில் நடக்கக்கூடிய காரியமே அல்ல. 67-வது பிரிவின்படி, காரணத்தை எழுத்தில் பதிந்து, ரசீது கொடுத்துத்தான் ஆவணங்களைக் கைப்பற்ற முடியும். சரக்கையோ ஆவணத்தையோ கைப்பற்றினால் ஐ.என்.எஸ்.-02, எடுக்க இயலாத சரக்கை அகற்றக்கூடாது என்று தடை விதித்தால் ஐ.என்.எஸ்.-03 என்று தனித்தனிப் படிவங்கள் உள்ளன. "பார்த்துட்டு நாளைக்குத் தந்துடறோம்" என்ற சொல்லை நம்பி ஒரு பதிவேட்டைக் கொடுத்தனுப்பினால், அது அலுவலகத்தில் இருப்பதற்கே சான்று இருக்காது. முறைப்படி கைப்பற்றிய ஆவணத்தை அலுவலர் முன்னிலையில் நகல் எடுத்துக்கொள்ள வணிகருக்கு உரிமை உண்டு. விசாரணைக்குப் பாதிப்பு வரும் என்று அலுவலர் கருதினால் மட்டும் அதை மறுக்கலாம். நோட்டீஸுக்குப் பயன்படாத ஆவணங்களை, நோட்டீஸ் கொடுத்த 30 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும்.

சோதனையின்போது சாட்சிகள் முன்னிலையில் எழுதப்படும் மகஜரின் நகல் கடைக்காரருக்குக் கிடைக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அதை முழுவதும் படிப்பது கட்டாயம். எழுதப்படாத வெற்றிடங்கள் இருந்தால் கோடு போட்டு அடைக்கும்படி கேட்கலாம். வாக்குமூலத்துக்கும் இதே விதிதான். புரியாத மொழியில் எழுதப்பட்டிருந்தால், தமிழில் படித்துக் காட்டச் சொல்லி, அப்படிப் படித்துக் காட்டப்பட்டது என்பதையும் எழுதிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து என்ற பேச்சுக்கே இடமில்லை.

கடிதத்தால் ஆகாதவை

முத்திரை பெற்ற கடிதம் ஆய்வை நிறுத்தாது. வரி உண்மையில் பாக்கி இருந்தால் அதை அழிக்காது. அலுவலர் பதில் எழுதாமல் விட்டார் என்பதற்காக, கடிதத்தில் உள்ளதை எல்லாம் ஏற்றுக்கொண்டார் என்று பொருள் கொள்ளவும் முடியாது. அது நடந்ததற்கு, நடந்த நேரத்திலேயே எழுதப்பட்ட ஒரு சான்று. அந்தச் சான்றும் கடிதத்தில் சொன்னபடி நடந்துகொண்டால்தான் நிற்கும். டிசம்பர் 2-க்குள் பில்களைத் தருகிறோம் என்று எழுதிய கடைக்காரர் அன்றைக்குள் கொண்டுபோய்க் கொடுத்து, அதற்கும் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். முடியாவிட்டால், கெடு முடிவதற்கு முன்பே அவகாசம் கேட்டு இன்னொரு கடிதம் கொடுக்க வேண்டும்.

அன்றைய குறிப்புத் தாள், இருப்புத் தாளின் நகல், முத்திரை பெற்ற கடிதங்கள், அஞ்சல் சான்று, மின்னஞ்சல் அச்சு ஆகியவற்றை ஒரே கோப்பில் தேதி வரிசையில் கட்டி வைக்க வேண்டும். சட்டம் கணக்குகளை வருடாந்திர ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கச் சொல்கிறது. மேல்முறையீடோ விசாரணையோ நடந்தால், அது முடிந்த பிறகும் ஓர் ஆண்டுக்கு, அல்லது அந்த 72 மாதம் முடியும்வரை, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். இந்தக் கோப்பையும் அந்தக் கணக்குகளோடு சேர்த்தே அதுவரை பத்திரப்படுத்துவது முறை.